இலை எது, எழுத்து எது

பல மருத்துவமனைகளின் நுழைவாயில் வளைவில் பலகை இருக்காது. இரும்புச் சட்டத்தின் மேல் தகட்டில் வெட்டிய எழுத்துகளைத் தனித்தனியாக நிறுத்தி நீலச் சாயம் அடித்திருப்பார்கள். அப்படி ஒரு வளைவு, அதன் பின்னால் ஒரு வேப்பமரம். தெருவில் போகிறவர் ஓட்டத்திலேயே ‘பல் மருத்துவமனை’ என்று படித்துவிடுவார். அதே வளைவைப் படமெடுத்து, எழுத்தை மட்டும் பிரித்துத் தரும்படி ஒரு கணினி நிரலிடம் கொடுத்தால் பெரும்பாலும் இலைக் குவியலைத்தான் திருப்பித் தரும். அது ஏன் என்பதையும், எழுத்தை எப்படி மீட்கலாம் என்பதையும் இந்த ஒரே வளைவை வைத்துப் பார்த்துவிடலாம்.

தாளில் அச்சான எழுத்தைப் பிரிக்கும் பழைய வழி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு வெளிச்ச அளவில் கோடு கிழிப்பதுதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெள்ளை. கோட்டுக்குக் கீழே இருப்பது எழுத்து, மேலே இருப்பது தாள். அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்று தானாகவே கண்டுபிடிக்கும் முறையை ஜப்பானிய ஆய்வாளர் நொபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்டார். பிக்சல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, அவ்விரு கூட்டங்களும் ஒன்றிலிருந்து ஒன்று மிக அதிகமாக விலகி நிற்கும் இடத்தை அது தேர்ந்தெடுக்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்றால் இன்றும் இதைவிட எளிய வழி இல்லை.

நம் வளைவில் இது என்ன செய்யும்? எண்களை வைத்துப் பார்ப்போம். இலைகளின் இடைவெளியில் தெரியும் வானம் 240. வெயில் படும் இலை 122. நிழலில் இருக்கும் இலை 44. நீல எழுத்து 47. ஓட்சு முறை வானத்தை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமும் தள்ளும், அல்லது வானத்தையும் வெயில் இலையையும் ஒன்றாக்கிவிட்டு நிழலைத் தனியே வைக்கும். எப்படி வெட்டினாலும் எழுத்து நிழலிலைகளோடு ஒட்டிக்கொண்டே வரும். 47-ஐயும் 44-ஐயும் பிரிக்கும் கோடு எந்தப் படத்திலும் நிலைக்காது. படம் முழுவதற்கும் ஒரே கோடு போடாமல் சிறு சிறு சன்னலாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு போடும் முறைகளும் இருக்கின்றன. நிழல் விழுந்த பழைய ஓலைக்கும் தாளுக்கும் அவை அருமையாகப் பயன்படும். மரத்தின் முன்னால் அவையும் தோற்கும். இலைக்கும் வானத்துக்கும் இடையே எந்தச் சன்னலிலும் வெளிச்ச வேறுபாடு கடுமையாக இருப்பதால், ஒவ்வோர் இலையும் ஒரு கறுப்புத் துண்டாக எழுத்தோடு சேர்ந்து வரும்.

ஆகவே வெளிச்சத்தை விட்டுவிட்டு வேறொன்றை அளக்க வேண்டும். எழுத்தில் மாறாமலும் இலையில் மாறிக்கொண்டும் இருக்கும் ஏதாவது ஓர் அளவு கிடைத்தால் போதும். மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய போரிஸ் எப்ஷ்டைன், எயல் ஓஃபெக், யோனதான் வெக்ஸ்லர் மூவரும் 2010-இல் அப்படி ஒன்றை முன்வைத்தார்கள். அது கோட்டின் தடிமன். தூரிகையால் வரைந்தாலும் தகட்டில் வெட்டினாலும் ஓர் எழுத்தின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும். இலை அப்படியில்லை. காம்பருகே குறுகி, நடுவில் அகன்று, நுனியில் கூராகும்.

தடிமனை அளக்கும் விதம் எளிமையானது. முதலில் படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும் விளிம்புகளைக் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு ஜான் கேனி 1986-இல் வெளியிட்ட விளிம்பு காணும் முறை பயன்படுகிறது. பிறகு விளிம்பிலுள்ள ஒவ்வொரு பிக்சலிலிருந்தும், கால்வாயின் ஒரு கரையில் நிற்பவர் நேர் எதிரே நடந்து மறுகரையைத் தொடுவதுபோல, விளிம்புக்குச் செங்குத்தான திசையில் ஒரு கோடு செல்கிறது. எதிரே இன்னொரு விளிம்பைத் தொட்டதும், அந்த விளிம்பு முதல் விளிம்புக்கு ஏறக்குறைய எதிர்முகமாக நிற்கிறதா என்று பார்க்கிறது. முப்பது பாகைக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. அப்போது இரு கரைக்கும் இடைப்பட்ட தூரத்தை, நடந்துவந்த வழியிலுள்ள எல்லாப் பிக்சல்களிலும் எழுதிவைக்கிறது. ஒரு பிக்சலில் ஏற்கெனவே இதைவிடச் சிறிய எண் இருந்தால் அதைத் தொடுவதில்லை. கோடுகள் கூடும் மூலைகளில் மட்டும் தூரம் தவறாகப் பெரிதாகிவிடும். அதைச் சரிசெய்ய, இரண்டாவது சுற்றில் அதே வழியிலுள்ள எண்களின் இடைநிலை அளவுக்கு அது குறைக்கப்படுகிறது.

கறுப்பு எழுத்து வெளிர்ப் பின்னணியில் இருக்கலாம், அல்லது வெள்ளை எழுத்து இருண்ட பின்னணியில் இருக்கலாம். எது என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் இரு திசையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். தமிழுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ண’ போன்ற எழுத்தில் சுழிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். தவறான திசையில் ஓட்டும்போது அந்த வெற்றிடங்களே எழுத்துகளாக எழுந்து வரும். இரண்டு முடிவுகளில் எது நீண்ட வரிசையாக அமைகிறதோ அதை வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு தடிமன் எண் இருக்கிறது. அருகருகே இருக்கும் பிக்சல்களின் தடிமன் ஒன்றுக்கொன்று மூன்று மடங்குக்குள் இருந்தால் அவை ஒரே துண்டில் சேரும். அந்தத் துண்டு எழுத்தா இலையா என்று தீர்மானிக்க, பத்தாம் வகுப்பில் படித்த விலக்க வர்க்கச் சராசரியே போதும். ஓர் இலையில் நுனி முதல் காம்பு வரை ஏழு இடங்களில் அளந்து 2, 4, 7, 9, 7, 4, 2 பிக்சல் கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி 5. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 44. ஏழால் வகுத்தால் 6.3. அந்த மூவரின் விதி, இந்த எண் சராசரித் தடிமனில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. இங்கே பாதி 2.5. இலை தள்ளுபடி. ‘ப’ என்ற எழுத்தில் ஏழு இடங்களில் அளந்தால் 8, 8, 7, 8, 9, 8, 8 கிடைக்கலாம். சராசரி 8, விலக்க வர்க்கச் சராசரி 0.3, அனுமதி 4 வரை. எழுத்து தங்கிவிடும்.

இலை போயிற்று. மரத்தில் குச்சியும் இருக்கிறதே? மெல்லிய குச்சி நுனிவரை ஏறக்குறைய ஒரே தடிமனில்தான் ஓடும். தடிமன் விதியில் அது எழுத்தாகவே தேறிவிடும். அதற்காகத்தான் இன்னொரு விதி: துண்டின் மொத்த நீளம் அதன் தடிமனைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. நீண்ட குச்சி இதில் விழும். இலைகள் மறைத்து நடுவில் வெட்டிய குட்டைக் குச்சி விழாது. சன்னல் கம்பியும் வேலியின் பட்டியும்கூட இப்படித் தப்பிப் பிழைக்கும். கடைசி வடிகட்டி வரிசைதான். எழுத்து தனியாக நிற்பதில்லை. உயரம் இரண்டு மடங்குக்குள், தடிமன் இரண்டு மடங்குக்குள், நிறம் ஏறக்குறைய ஒன்றாக, குறைந்தது மூன்று துண்டுகள் ஒரு நேர்க்கோட்டில் நின்றால்தான் அது சொல். குச்சித் துண்டுகள் அப்படி வரிசைகட்டுவது அரிது. வேலிப் பட்டிகள் கட்டும். இந்த முறை கொண்டுவரும் பொய் எழுத்துகளில் பெரும்பகுதி கம்பி, பட்டி, செங்கல் வரிசை போன்ற மனிதர் செய்த பொருள்களாகவே இருக்கும். மரம் தந்த தொல்லை குறைந்து கட்டடம் தரும் தொல்லை மிஞ்சுகிறது. எழுத்தைக் கண்டறியும் முறைகளைச் சோதிக்க 2003-இல் உருவான ஒரு பொதுப் படத்தொகுப்பில், இந்த முறை எழுத்து என்று காட்டியவற்றில் 73 விழுக்காடு உண்மையிலேயே எழுத்து. இருந்த எழுத்தில் 60 விழுக்காட்டைத்தான் அது கண்டுபிடித்தது. அப்போது அதுவே முன்னணி அளவு.

நம் வளைவுக்கு வருவோம். ‘பல் மருத்துவமனை’ என்ற பெயரில் ஒட்டாத துண்டுகள் பன்னிரண்டு இருக்கின்றன. ப, ல, ம, ரு, த, து, வ, ம, ஐகாரக் கொம்பு, ன என்று பத்து, கூடவே இரண்டு புள்ளிகள். முதல் சுற்றில் நமக்குக் கிடைப்பது ‘பல மருத’ என்று ஒரு பகுதி, நடுவில் வெற்றிடம், பிறகு ‘மனை’. ‘துவ’ காணவில்லை. புள்ளிகள் இரண்டும் போயின. இந்த இரண்டு இழப்புக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ‘துவ’. தடிமன் எண்களை நிறமாக மாற்றித் திரையில் பார்த்தால் என்ன நடந்தது என்று உடனே தெரியும். நன்றாக அமைந்த எழுத்து ஒரே நிறத்தில் தட்டையாகத் தெரியும், இலை பல நிறத் திட்டாகத் தெரியும். ‘து’ இருக்க வேண்டிய இடத்தில் நிறமே இல்லை, அல்லது எழுத்தைத் தாண்டி இலைக்குள் நீண்டு போன கோடுகள் இருக்கும். அதாவது கரையே கிடைக்கவில்லை. அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் நிழலிலை இருந்தது. எழுத்து 47, இலை 44. விளிம்பு பிறக்க இது போதாது.

ஆனால் நீலமும் பச்சையும் எப்படி ஒன்றாயின? நிறப் படத்தைச் சாம்பல் படமாக மாற்றும் வழக்கமான வாய்பாட்டில் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று பங்கு. மனிதக் கண் பச்சையைப் பிரகாசமாகவும் நீலத்தை மங்கலாகவும் உணர்வதால் இந்தப் பங்கீடு. எழுத்தின் நிறம் சிவப்பு 20, பச்சை 40, நீலம் 150 என்றால் சாம்பல் மதிப்பு 47. நிழலிலையின் நிறம் 30, 55, 25 என்றால் அது 44. நீலத்தில் 150-க்கும் 25-க்கும் இருந்த அவ்வளவு பெரிய இடைவெளியைச் சாம்பல் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, பச்சையிலும் சிவப்பிலும் இருந்த எதிர்ப்பக்க வேறுபாட்டால் மீதியையும் அழித்துவிட்டது.

அப்படியானால் நீலத்தை மட்டும் பார்த்தால் என்ன என்று தோன்றும். அதில் வேறொரு வம்பு. நீலத்தில் இலை 25, எழுத்து 150, வானம் 250. ஒரே எழுத்து இலைப் பக்கம் வெளிச்சமாகவும் வானப் பக்கம் இருட்டாகவும் நிற்கிறது. ஒரு கரை மேடு, மறுகரை பள்ளம். எதிர்முகக் கரை தேடும் முறைக்கு இது ஆகாது. நமக்கு வேண்டியது, எழுத்து ஒரு பக்கமும் மற்ற எல்லாமும் மறுபக்கமும் நிற்கும் ஓர் அளவு. நீலத்திலிருந்து பச்சையைக் கழித்துப் பாருங்கள். எழுத்துக்கு 110 வரும். நிழலிலைக்கு –30. வெயில் இலையின் நிறம் 110, 140, 60 என்றால் –80. வானத்தின் நிறம் 235, 240, 250 என்றால் 10. இப்போது எழுத்து தனியே உயர்ந்து நிற்கிறது.

இந்தக் கழித்தலை முதலிலேயே செய்திருக்கலாமே என்றால், எழுத்து நீலம் என்று நிரலுக்கு முதலில் தெரியாது. அடுத்த வளைவில் அது சிவப்பாக இருக்கலாம். தடிமன் முறை உறுதியாகக் கண்டுபிடித்த எட்டுத் துண்டுகள்தான் நிறத்தைச் சொல்லிக்கொடுக்கின்றன. அவற்றின் நிறத்தைப் படித்து, சுற்றியுள்ளவற்றிலிருந்து அதை மிக அதிகமாகப் பிரித்துக் காட்டும் நிறக் கலவையைத் தேர்ந்து, அந்தப் புதிய படத்தில் அதே வரிசையின் வெற்றிடத்தில் மறுபடி தேடினால் ‘துவ’ வந்துவிடுகிறது. கிடைத்ததை வைத்துக் கிடைக்காததைத் தேடும் இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிடும் நிரல்கள் நிறைய. என் கருத்தில், மரத்தின் முன்னால் நிற்கும் எழுத்துக்கு முதல் சுற்றைவிட இதுதான் முக்கியம்.

இனி புள்ளி. எழுத்தின் உயரம் 60 பிக்சல், புள்ளியின் உயரம் 10. உயரம் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்ற வரிசை விதி புள்ளியை உள்ளே விடாது. இன்னும் தள்ளி நின்று எடுத்த படமென்றால் அதற்கு முன்பே போய்விடும், ஏனென்றால் 10 பிக்சலுக்குக் குறைவான எதையும் தூசி என்று ஒதுக்குவதும் அந்த முறையின் விதிகளில் ஒன்று. ஆங்கில ‘i’-யின் மேற்புள்ளி இப்படிப் போனால் படிப்பவருக்கு நட்டமில்லை. தமிழில் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பெயரே மாறுகிறது. ஆங்கிலப் படங்களை வைத்துச் சீர்செய்த எண்களை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்வதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து இதுதான். இதைக் கண்டுபிடிப்பதும் கடினம். துண்டுகளை மட்டும் எண்ணினால் பன்னிரண்டில் பத்து கிடைத்துவிட்டது, நல்ல மதிப்பெண் என்றே தோன்றும். படித்துப் பார்த்தால்தான் தவறு தெரியும்.

தீர்வு, சிறிய துண்டுகளை எறிந்துவிடாமல் ஒரு தனிப் பட்டியலில் வைத்திருப்பது. வரிசை முழுதாக அமைந்த பிறகு, எழுத்துகளின் தலைக்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய பட்டையை மட்டும் பார்க்க வேண்டும். அங்கே உள்ள துண்டின் அகலம் எழுத்தின் தடிமனை ஒட்டியிருக்கிறதா, நிறம் அதே நிறமா, ஏதாவது ஓர் எழுத்தின் தலைக்கு நேர் மேலே நிற்கிறதா என்ற மூன்றும் சரியாக இருந்தால் அதைப் புள்ளியாக ஏற்கலாம். வேப்பம்பூவோ, இலை இடைவெளியில் தெரியும் வானத் துண்டோ முதல் கேள்வியில் தேறினாலும் நிறத்தில் விழுந்துவிடும். எழுத்தும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தால் மட்டும் இந்த வழியும் கைகொடுக்காது. நடுப்பகலில் எடுத்த படத்தை விட்டுவிட்டு, வானம் நிறம் மாறும் மாலையில் இன்னொரு படம் எடுப்பதுதான் அப்போது வழி.

இப்போதெல்லாம் பல்லாயிரம் படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நரம்பு வலைப்பின்னல்கள் எழுத்து இருக்கும் இடத்தைத் தடிமன் முறையைவிட நன்றாகக் கண்டுபிடிக்கின்றன. வேலிப் பட்டியை அவை அவ்வளவாகச் சொல் என்று நினைப்பதில்லை. ஆனால் அவற்றில் பல தருவது எழுத்தைச் சுற்றிய ஒரு கட்டம் மட்டுமே. கட்டத்துக்குள் சுழிகளின் நடுவே இலை இன்னும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். 2017-இல் வெளியாகிப் பரவலாகப் பயன்பட்ட ‘ஈஸ்ட்’ என்ற வலைப்பின்னல் தன் முடிவை மூலப் படத்தின் நான்கில் ஒரு பங்கு அளவில்தான் தருகிறது. 10 பிக்சல் புள்ளி அங்கே இரண்டரைப் பிக்சல். ஆகவே இடத்தை வலைப்பின்னலிடம் கேட்டுவிட்டு, அந்த இடத்துக்குள் எழுத்தைப் பிரிக்க மேலே சொன்ன வழிகளைப் பயன்படுத்துவது இன்றும் அர்த்தமுள்ள வேலைதான்.

பூப்போட்ட துணியில் அச்சிட்ட எழுத்து வேறு மாதிரிச் சிக்கல். துணியின் கொடிகளும் கோடுகளும் எழுத்தைப் போலவே ஒரே தடிமனில் ஓடும், வரிசையும் கட்டும். தடிமன் விதி அங்கே பயனற்றது. ஆனால் அச்சுத் துணியின் பூ ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது, எழுத்து வருவதில்லை. படத்தை அதன்மேலேயே நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்தால், எத்தனை பிக்சல் நகர்த்தும்போது பூக்கள் பூக்களோடு பொருந்துகின்றன என்று தெரிந்துவிடும். 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். துணியை 40 பிக்சல் கட்டங்களாக வெட்டி, எல்லாக் கட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு பிக்சலிலும் இடைநிலை மதிப்பை எடுத்தால் எழுத்தே இல்லாத வெறும் பூக் கட்டம் கிடைக்கும். எழுத்து ஒரு சில கட்டங்களில்தான் இருக்கிறது, இடைநிலையை அதனால் அசைக்க முடியாது. இந்தக் கட்டத்தை மூலப் படத்திலிருந்து கழித்தால் எழுத்து மிஞ்சும். துணி மேசையில் நீவி விரித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உடுத்தியிருக்கும்போது மடிப்பில் இடைவெளி 40 என்பது 30 ஆகவும் 20 ஆகவும் சுருங்கும், கழித்த இடத்தில் பூவின் ஓரங்கள் இரட்டைக் கோடாக மிஞ்சி நிற்கும். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்தால் கழித்தல் அங்கே பொருந்தவில்லை என்று பொருள்.

கடைக் கண்ணாடியில் ஒட்டிய எழுத்துக்கு மூன்று அடுக்குகள் உண்டு. கண்ணாடிமேல் எழுத்து, அதன் பின்னால் புடவை கட்டிய பொம்மைகள், இவற்றின்மேல் எதிர்த்தெருவின் பிரதிபலிப்பு. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்புக்கும் சேர்த்து 8. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் நண்பகல் வெயிலில் தெருவின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்க, கடைக்குள் ஆயிரம் லக்ஸே அதிகம். லட்சத்தில் 8 விழுக்காடு, உள்ளே இருப்பதைவிட எட்டு மடங்கு. அதனால்தான் பகலில் கடைக்குள் இருக்கும் பொம்மையைவிட எதிரே நிற்கும் பேருந்து தெளிவாகத் தெரிகிறது.

முனைவாக்கு வடிகட்டியைக் கேமராவில் மாட்டினால் இந்தப் பிரதிபலிப்பை வெட்டலாம், ஆனால் கண்ணாடிக்குச் செங்குத்தான திசையிலிருந்து 56 பாகை அளவுக்குச் சாய்ந்து நின்றால்தான் அது முழுதாக வேலை செய்யும். நேர் எதிரே நின்றால் ஒரு பயனும் இல்லை. அவ்வளவு சாய்ந்து எடுக்கும்போது எழுத்தின் அகலம் சுருங்கிப் பாதியைவிடச் சற்றே அதிகமாக மட்டும் நிற்கும். பிறகு நீட்டிச் சரிசெய்யலாம், இழந்த நுணுக்கம் திரும்பாது.

எனக்கு இன்னும் பிடித்த வழி, வடிகட்டி இல்லாமல் கைபேசியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே சில படங்கள் எடுப்பது. தியான்ஃபன் ஷுவே, மைக்கேல் ரூபின்ஸ்டைன், சே லியூ, வில்லியம் ஃப்ரீமன் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வும், அடுக்குகள் வேறு வேறு வேகத்தில் நகர்வதை வைத்துத்தான் கண்ணாடியின் பிரதிபலிப்பை நீக்கியது. கண்ணாடியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று கேமராவை 10 சென்டிமீட்டர் நகர்த்துகிறோம். லென்ஸின் குவியத்தூரம் பிக்சல் கணக்கில் 3000 என்று கொள்வோம். இரு படங்களையும் எழுத்தோடு எழுத்து பொருந்தும்படி அடுக்கினால், கண்ணாடிக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கும் பொம்மை 50 பிக்சல் விலகி நிற்கும். எதிரே 8 மீட்டரில் நிற்கும் பேருந்தின் பிம்பம் கண்ணாடிக்கு 8 மீட்டர் பின்னால் இருப்பதாகவே கேமராவுக்குத் தெரிவதால், அது 120 பிக்சல் விலகும். 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள எழுத்துக் கோடு இந்தப் படத்தில் 15 பிக்சல்தான். பின்னணி முழுவதும் கோட்டைத் தாண்டி நகர்ந்துவிட்டது, எழுத்து மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. அடுக்கிய படங்களில் ஒவ்வொரு பிக்சலிலும் இடைநிலையை எடுத்தால் எழுத்து கூர்மையாகவும் மற்றவை கலங்கலாகவும் வரும். கறுப்பு எழுத்தென்றால் இடைநிலைக்குப் பதில் குறைந்தபட்ச மதிப்பை எடுக்கலாம். பிரதிபலிப்பு எப்போதும் ஒளியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பதால், மிக இருண்ட மதிப்பே உண்மைக்கு மிக நெருக்கமானது.

இந்த வழிக்கு எழுத்து ஒளி ஊடுருவாததாகவும் பளபளப்பில்லாததாகவும் இருக்க வேண்டும். நகைக்கடை வாசலில் பளபளவென்று தேய்த்த பித்தளை எழுத்து என்றால் கதை வேறு. எதிர்த்தெரு முழுவதும் எழுத்தின் உடலுக்குள்ளேயே தெரியும். ஒரு கரையிலிருந்து புறப்பட்ட கோடு, உள்ளே தெரியும் மின்கம்பத்தின் பிம்பத்தில் மோதி நின்றுவிடும், தடிமன் 8 என்பது 3 ஆகும். அதற்கு அதே இடத்தில் கேமராவை நிறுத்திக் காலையிலும் மாலையிலும் படமெடுத்து, எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும் விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்க வேண்டும். வெயிலோடும் வண்டிகளோடும் சேர்ந்து மாறியவை போய்விடும். அசையாத எதிர்க்கட்டடத்தின் பிம்பம் போகாது. கேமராவை ஓரடி தள்ளிவைத்து எடுத்த இன்னொரு படமும் அதற்கு வேண்டும்.